ஏற்காட்டில் பதிந்த 40 நிமிடம்: 44.1-ஆ, 48-ஆ, 96-ஆ, இல்லை மிடியா?

சேலம் அஸ்தம்பட்டியில் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். ஒலிப்பதிவும் கொஞ்சம் செய்வேன். போன புரட்டாசியில், இசைப் பட்டப்படிப்பு படிக்கும் என் மாணவி ஒருத்தி ஒரு வேலையோடு வந்தாள். டிஜிட்டல் ஒலியின் அடிப்படைகள் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும், அதோடு தானே வாசித்துப் பதிந்த ஒலியையும் இணைக்க வேண்டும். புத்தகத்தில் இருந்த வரையறைகளை எல்லாம் எழுதி முடித்துவிட்டாள். ஆனால் பதிவுக்கு உட்காரும்போது மென்பொருள் கேட்கும் முதல் கேள்விக்கே அவளிடம் பதில் இல்லை. "அண்ணா, 44.1, 48, 96னு கேக்குது. 16 பிட்டா, 24 பிட்டான்னு கேக்குது. எதை வைக்கிறது? பேசாம கீபோர்டுல வாசிச்சு மிடியா குடுத்துடலாமா?"

ஏற்காட்டில் தெரிந்தவர் ஒருவரின் காப்பித் தோட்ட வீடு காலியாக இருந்தது. ஊருக்குள் ஆட்டோ சத்தம் இல்லாத நேரமே கிடைக்காது என்பதால் அவளும் நானும், மிருதங்கம் வாசிக்கும் தம்பி ஒருவனும், 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போய் 40 நிமிடக் கச்சேரி ஒன்றைப் பதிந்தோம். அங்கே நாலு வழிகளையும் வைத்துப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கட்டுரையை எழுதப் போகும் மாணவர்களுக்கும் பயன்படும்.

முதலில் நாலு வழிகளும் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்த்துவிடலாம், கணக்கு எளிது. ஒரு நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறோம் என்பது சாம்பிளிங் ரேட். ஒவ்வொரு அளவையும் எத்தனை பிட்டில் எழுதுகிறோம் என்பது பிட் ஆழம். இரண்டையும் பெருக்கி, ஸ்டீரியோ என்றால் இரண்டால் பெருக்கினால் ஒரு நொடிக்கு எத்தனை பிட் என்று வந்துவிடும்.

```
44100 × 16 × 2 = 1411200
48000 × 24 × 2 = 2304000
96000 × 24 × 2 = 4608000
```

எட்டால் வகுத்தால் பைட். எங்கள் 40 நிமிடத்துக்கு முதல் வழியில் சுமார் 423 மெகாபைட், இரண்டாவதில் 691, மூன்றாவதில் 1,382. மிடியாகக் கொடுத்தால் சில பத்து கிலோபைட்டுக்குள் முடிந்துவிடும். இந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் பலர் மிடியைத் "தரம் குறைந்த ஆடியோ" என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. மிடி ஆடியோவே கிடையாது. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

பிட் ஆழம்: முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுதான்

மாணவர்கள் பெரும்பாலும் சாம்பிளிங் ரேட்டில்தான் தொடங்குவார்கள். பதிவு செய்கிறவனுக்கு அன்றாடம் உதவுவதோ உபத்திரவம் தருவதோ பிட் ஆழம்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

16 பிட் என்றால் ஒவ்வொரு அளவுக்கும் 65,536 படிகள். 24 பிட் என்றால் 1,67,77,216 படிகள். உண்மையான ஒலி இரண்டு படிகளுக்கு நடுவில் இருந்தால், பக்கத்துப் படிக்குத் தள்ளி எழுத வேண்டும். அப்படித் தள்ளும்போது வரும் சின்னச் சின்னப் பிழைகள் எல்லாம் சேர்ந்து மிக மெல்லிய இரைச்சலாகக் கேட்கும். ஒரு பிட் கூடினால் இந்த இரைச்சல் சுமார் 6 டெசிபல் கீழே போகும். 16 பிட்டில் அது உச்ச அளவுக்கு ஏறத்தாழ 98 டெசிபல் கீழே இருக்கும். 24 பிட்டில் கணக்குப்படி 146 டெசிபல் கீழே. ஆனால் மைக்கையும் லேப்டாப்பையும் இணைக்கும் இன்டர்ஃபேஸின் மின்சுற்றுக்கே ஓர் இரைச்சல் உண்டு. நல்ல கருவிகளில்கூட அது 110 முதல் 120 டெசிபல் கீழே வரைதான் இறங்கும். ஆக 24 பிட்டின் அடிப்பகுதி வெறும் மின்னிரைச்சலைத்தான் எழுதிக்கொண்டிருக்கும். கட்டுரையில் "24 பிட்டின் வீச்சு 144 டெசிபல்" என்றோ "146 டெசிபல்" என்றோ மட்டும் எழுதி நிறுத்தினால் பாதி உண்மைதான் எழுதியதாக ஆகும்.

சரி, ஏற்காட்டு வீட்டில் என்ன நடந்தது? டிஜிட்டல் மீட்டரில் உச்சம் 0. அதற்குக் கீழே எல்லாம் மைனஸ். 0-ஐத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்படும். ஒத்திகையில் தம்பி வாசித்ததைப் பார்த்து, மைக்கில் வருவதை எவ்வளவு பெருக்குவது என்ற கெய்னை அமைத்தேன். மைனஸ் 6-ஐத் தாண்டவில்லை. நிம்மதியாகப் பதிவைத் தொடங்கினோம். தனி ஆவர்த்தனத்தில் கோர்வை வந்து, தீர்மானத்தின் மூன்றாவது சுற்றில் அவன் தொப்பியில் ஓங்கி அடித்தபோது மீட்டர் சிவந்துவிட்டது. கேட்டுப் பார்த்தால் அந்த "தொம்" உடைந்த தகரம்போல் ஒலித்தது. ஒத்திகையில் வாசிக்கும் வேகம் வேறு, கச்சேரி சூட்டில் விழும் அடி வேறு. இப்படி வெட்டுப்பட்டதை 24 பிட்டாலும் மீட்க முடியாது, ஏனென்றால் 24 பிட் கூடுதல் படிகளைக் கீழேதான் சேர்க்கிறது. கூரையை உயர்த்தவில்லை. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முகடுகள் வளைந்து இறங்காமல், மேசைபோல் தட்டையாக இருக்கும். வெட்டுப்பட்டதற்கு அதுதான் அடையாளம்.

இரண்டாவது முறை கெய்னைக் குறைத்தேன். இப்போது தீர்மானத்தின் உச்சம் மைனஸ் 8-ல் நின்றது. அவள் ஆலாபனையில் வில்லைத் தூக்கி மந்தமாக இழுத்த இடங்கள் மைனஸ் 36 அளவில் இருந்தன. யாரும் வாசிக்காத நேரத்தில் வெளியே மழைக்குப் பிந்திய சில்வண்டுகளும், சில்வர் ஓக் மரங்களில் காற்றும், எங்கள் மூச்சும் சேர்ந்து மைனஸ் 66.

இந்த மூன்று எண்களை வைத்தே முடிவு எடுக்கலாம். 16 பிட்டின் இரைச்சல் மைனஸ் 98-ல் இருக்கிறது. அறையின் இரைச்சல் மைனஸ் 66. அதாவது அந்த அமைதியான மலை வீட்டில்கூட, சில்வண்டுச் சத்தம் 16 பிட்டின் இரைச்சலைவிட 32 டெசிபல் மேலே. கெய்னைச் சரியாக வைத்திருந்தால் 16 பிட்டே போதும், காதுக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. இதைக் கேட்டு மாணவி திகைத்தாள். "அப்ப 24 எதுக்கு அண்ணா?"

கெய்னைச் சரியாக வைக்க முடியாத நேரத்துக்கு. தம்பி அடுத்து எவ்வளவு ஓங்கி அடிப்பான் என்று எனக்குத் தெரியாது. பயந்து இன்னும் 25 டெசிபல் குறைத்திருந்தேன் என்று வைத்துக்கொள்வோம். உச்சம் மைனஸ் 33, அறை இரைச்சல் மைனஸ் 91. இப்போது அது 16 பிட்டின் இரைச்சலுக்கு வெறும் 7 டெசிபல் மேலே. வீட்டுக்கு வந்து ஒலியை 25 டெசிபல் தூக்கினால் அந்த டிஜிட்டல் இரைச்சலும் கூடவே தூக்கப்பட்டு மைனஸ் 73-க்கு வந்துவிடும். ஆலாபனையின் முடிவில் வில் நின்றபின் தேயும் நாதத்துக்கு அடியில் மெல்லிய "ஸ்ஸ்" கேட்கத் தொடங்கலாம். 24 பிட்டில் பதிந்திருந்தால் அடியில் இருப்பது இன்டர்ஃபேஸின் இரைச்சல் மட்டும், மைனஸ் 110-க்குப் பக்கத்தில். 25 தூக்கினாலும் மைனஸ் 85. சில்வண்டு அதை மூடிவிடும்.

ஆகவே 24 பிட் பதிவை "இன்னும் இனிமையாக" ஆக்குவதில்லை. கெய்னைத் தாராளமாகக் குறைத்து வைத்து, மிருதங்கக்காரரை அவர் போக்கில் வாசிக்கவிட அனுமதிக்கிறது. அதற்காகத்தான் பதியும்போது 24. வேலை முடிந்து உச்சத்தைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்த பிறகு, கேட்பவருக்கு 16 பிட்டில் கொடுத்தால் எதுவும் குறையாது. 24-லிருந்து 16-க்கு இறக்கும்போது மட்டும் "Dither" என்ற தேர்வை இயக்கி வைக்க வேண்டும். அது வேண்டுமென்றே ஒரு துளி இரைச்சலைச் சேர்க்கும். தேயும் நாதத்தின் கடைசி நொடியில் வரக்கூடிய கரகரப்பை, காதை உறுத்தாத சீரான இரைச்சலாக மாற்றுவதற்காக.

44.1, 48, 96

கட்டுரைகளில் அநேகமாக எல்லோரும் வரையும் ஒரு படம் உண்டு. வளைந்த அலை, அதன்மேல் படிக்கட்டு. சாம்பிளிங் ரேட் கூடினால் படிக்கட்டு சின்னதாகி அலை "வழவழப்பாகிறது" என்று கீழே எழுதுவார்கள். மாணவியும் அதை வரைந்திருந்தாள். அடித்துவிடச் சொன்னேன்.

சாம்பிள்கள் புள்ளிகள்தான், படிகள் அல்ல. ஒலியில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண், சாம்பிளிங் ரேட்டில் பாதிக்குக் கீழே இருந்தால், அந்தப் புள்ளிகள் வழியாக ஒரே ஒரு அலையைத்தான் வரைய முடியும். ஒலியை மீண்டும் எழுப்பும் கருவி அந்த அலையைத்தான் வரைகிறது, படிக்கட்டை அல்ல. ஸ்பீக்கருக்குப் போகும் அலையில் படிகள் இருக்காது. எனவே ரேட்டைக் கூட்டினால் 1,000 ஹெர்ட்ஸ் ஒலி கூடுதல் வழவழப்பாவதில்லை. எவ்வளவு உயரமான ஒலி வரை பிடிக்கலாம் என்ற எல்லை மட்டும்தான் மேலே போகிறது. 44.1 கிலோஹெர்ட்ஸில் எல்லை 22.05. 48-ல் 24. 96-ல் 48. மனிதக் காது இளமையில் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற அது இறங்கும்.

எல்லையைத் தாண்டிய ஒலி உள்ளே வந்தால்தான் சிக்கல். அது மறையாது, மடிந்து கீழே வரும். 48-ல் பதியும்போது 30 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஒன்று நுழைந்தால், அது 18 கிலோஹெர்ட்ஸாக வேடமிட்டுக் கோப்பில் உட்கார்ந்துகொள்ளும். ஏற்காட்டில் இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. வெட்டுக்கிளி இனங்களில் சில 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் ஒலி எழுப்புபவை. நல்லவேளையாக இன்டர்ஃபேஸில் அளப்பதற்கு முன்பே ஒரு வடிகட்டி அவற்றைத் தடுத்துவிடுகிறது. பதிந்த பிறகு, வடிகட்டாமல் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சாம்பிளை நீக்கி ரேட்டைக் குறைத்தால்தான் மடிப்பு வரும். முறையான மாற்றி அப்படிச் செய்யாது.

96 வேண்டுமா என்று வாதிட்டுக்கொண்டிருக்காமல் சோதித்துப் பார்த்தோம். ஆலாபனையின் 20 நொடித் துண்டு ஒன்றை 96-ல் பதிந்தோம். அதன் நகலை 48-க்கு இறக்கி, திரும்பவும் 96-க்கு ஏற்றினோம். அப்போதுதான் இரண்டு கோப்புகளும் ஒரே ரேட்டில் ஓடும். கருவி ரேட் மாற்றும்போது வரும் "டிக்" சத்தம் எது எது என்று காட்டிக்கொடுக்காது. எந்தக் கோப்பு ஓடுகிறது என்பது எனக்கு மட்டும் தெரியும்படி, காசைச் சுண்டி வரிசையைத் தீர்மானித்து, ஆளுக்கு 20 தடவை போட்டேன். அவள் 11 சரி, தம்பி 9 சரி. குருட்டாம்போக்கில் சொன்னாலும் பாதி சரியாகும். 20-ல் 15-ஓ அதற்கு மேலோ தற்செயலாகச் சரியாக வரும் வாய்ப்பு சுமார் 2 சதவீதம்தான், ஆகவே 15 வந்திருந்தால் யோசித்திருப்பேன். ஒத்த சோதனையைக் கட்டுரையில் சேர்க்க விரும்புபவர்கள் இந்த எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்கள். "எனக்கு வித்தியாசம் தெரிந்தது" என்று மட்டும் எழுதினால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அன்று நாங்கள் பயன்படுத்திய மைக்கின் அட்டையிலேயே 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை என்றுதான் போட்டிருந்தது. மைக் உறுதி தராத ஒன்றைப் பிடிக்க இரண்டு மடங்கு இடம் கொடுப்பானேன்?

96-க்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. ஒலியைப் பாதி வேகத்துக்கு இறக்கி, சுருதியும் கூடவே இறங்கும்படி வாசிக்கப் போகிறீர்கள் என்றால் மேலே பிடித்து வைத்ததெல்லாம் கீழே வந்து காதில் விழும். வௌவாலையும் பூச்சிகளையும் ஆராய்கிறவர்களுக்கு அது அவசியம். வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் அல்ல.

அப்புறம் மிச்சம் இருப்பது 44.1-ஆ 48-ஆ என்ற கேள்வி. 44.1 என்ற விசித்திர எண் எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்பார்கள். 1982-ல் சந்தைக்கு வந்த சிடியின் ரேட் அது. அதற்கு முன்பு டிஜிட்டல் ஒலியை வீடியோ நாடாவில்தான் எழுதிவைத்தார்கள். நொடிக்கு 50 புலங்கள், அதாவது அரைப் படங்கள், உள்ள வீடியோ முறையில் ஒரு புலத்துக்குப் பயன்படும் 294 கோடுகள், கோட்டுக்கு 3 சாம்பிள். 60 புலங்கள் உள்ள முறையில் 245 கோடுகள், அதே 3 சாம்பிள்.

```
294 × 50 × 3 = 44100
245 × 60 × 3 = 44100
```

இரண்டு முறைகளிலும் பொருந்திய எண் என்பதால் அது நிலைத்தது. 48 வீடியோ, திரைப்படப் பணிகளின் வழக்கமானது. போனில் எடுக்கும் வீடியோவின் ஒலியும் பெரும்பாலும் 48-தான். இரண்டுக்கும் காதளவில் வித்தியாசம் இல்லை. எனவே பதிவு கடைசியில் எங்கே போகிறது என்பதை வைத்தே தேர்ந்தெடுக்கலாம். சிடிக்கு என்றால் 44.1, வீடியோவோடு சேரும் என்றால் 48. எங்கள் பதிவு ஒரு போன் வீடியோவோடு சேர வேண்டியிருந்தது. 48-ஐ எடுத்தோம்.

எந்த எண்ணை எடுத்தாலும் அதிலேயே நிற்பதுதான் முக்கியம். இதை நான் கற்றது ஒரு கசப்பான அனுபவத்தில். சில வருடங்களுக்கு முன் 44.1-ல் பதிந்த 40 நிமிடக் கச்சேரி ஒன்றைக் காணொளியோடு சேர்க்க வேறொருவரிடம் கொடுத்தேன். அவருடைய அமைப்பில் கோப்பு மாற்றப்படாமல், 48 என்று தவறாக எடுத்துக்கொள்ளப்பட்டுவிட்டது. நொடிக்கு 44,100 என்று அளந்ததை நொடிக்கு 48,000 என்ற வேகத்தில் வாசித்தால், எல்லாம் சேர்ந்து வேகமாகும், சுருதியும் ஏறும். எவ்வளவு ஏறும்? ஏறத்தாழ ஒன்றரை சுரஸ்தானம், அதாவது முக்கால் கட்டைக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு கட்டையில் வாசித்தது இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் போய் நின்றது. எந்தக் கட்டையிலும் சேராத இடம்.

இதில் ஆபத்து என்னவென்றால், வயலினும் மிருதங்கமும் தம்புராவும் சேர்ந்தே ஏறுவதால் அபஸ்வரமாகத் தெரியாது. காலப்பிரமாணம் கொஞ்சம் துடிப்பாக இருக்கும், அவ்வளவுதான். கேட்டவர்கள் பாராட்டவும் செய்தார்கள். அந்தக் கச்சேரியோடு சேர்ந்து பயிற்சி செய்ய ஒரு பையன் சுருதிப்பெட்டியைப் போட்டபோதுதான் எதிலும் ஒட்டவில்லை என்று தெரிந்தது. கண்டுபிடிக்க நேரத்தைப் பார்த்தால் போதும். 40 நிமிடக் கோப்பு 36 நிமிடம் 45 நொடி என்று காட்டினால் இதுதான் காரணம். 48-ல் பதிந்தது 44.1 வேகத்தில் ஓடினால் இதற்கு நேர்மாறு. நீளும், சுருதி இறங்கும்.

கோப்பில் உண்மையில் என்ன இருக்கிறது என்று சந்தேகம் வந்தால், கணினியில் இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
ffprobe -hide_banner kacheri.wav
```

விடையில் `pcm_s24le`, `48000 Hz`, `2 channels`, `2304 kb/s` என்று வந்தால் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ. கடைசியில் உள்ள எண் நாம் முதலில் போட்ட பெருக்கலின் விடைதான். நொடிக்கு எத்தனை பிட் என்ற இந்த அளவையும் பிட் ஆழத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். விடைத்தாள்களில் அடிக்கடி பார்க்கும் பிழை இது.

மிடியாகக் கொடுத்துவிடலாமா?

மிடி 1983-ல் வந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கீபோர்டுகள் ஒன்றோடொன்று பேசுவதற்காக, சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் டேவ் ஸ்மித்தும் ரோலண்டின் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று கொண்டுவந்த ஏற்பாடு. அதில் ஒலி அலை கிடையாது. எந்தச் சுவரம், எப்போது அழுத்தப்பட்டது, எவ்வளவு விசையில், எப்போது விடப்பட்டது என்ற குறிப்புகள் மட்டும் உண்டு. நம் சுவரக் குறிப்பு நோட்டுக்கு நெருக்கமானது. நோட்டைப் பார்த்து யார் வாசிக்கிறார்களோ அவர்களுடைய கருவியின் நாதம்தான் கேட்கும். ஒரு குறிப்பு இப்படி இருக்கும்:

```
90 3C 64
```

முதல் சேனலில், 60-ஆம் எண் சுவரத்தை, 100 என்ற விசையில் அழுத்து என்று பொருள். 60 என்பது பியானோவின் நடு சி, அதாவது நமக்கு ஒரு கட்டை. விசை 0 முதல் 127 வரை. இதைப் பார்த்து "மிடி 7 பிட் ஒலி" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது ஒலியின் பிட் ஆழம் அல்ல, கட்டையை அழுத்திய விசையின் அளவு.

மாணவி தோடியை எடுத்து கீபோர்டில் வாசித்துப் பார்த்தாள். தோடியின் காந்தாரம் நின்ற இடத்தில் நிற்காது, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருக்க வேண்டும். கீபோர்டில் கட்டையை அழுத்தினால் அது நின்றுவிடுகிறது. மிடியில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. சுருதியை வளைக்கும் சக்கரம் இருக்கிறது. அதன் குறிப்பு 0 முதல் 16,383 வரை போகும், நடுப்புள்ளி 8,192. வழக்கமான அமைப்பில் அது மேலே இரண்டு சுரஸ்தானம், கீழே இரண்டு சுரஸ்தானம் வளைக்கும். சாதாரண காந்தாரத்திலிருந்து இரண்டு இறங்கினால் சுத்த ரிஷபம், இரண்டு ஏறினால் சுத்த மத்யமம். தோடி காந்தாரத்துக்கு மட்டாகப் பொருந்துகிறது! அரை மணி நேரம் பழகியதில் கம்பிதம் ஓரளவு வந்தது. நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே.

ஆனால் சட்ஜமத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே ஜாருவில் போக ஏழு சுரஸ்தானம் வேண்டும். வளைவின் எல்லையைக் கூட்டலாம். கூட்டினால் அந்தக் கோப்பை வாங்குகிறவரின் கருவியும் அதே எல்லையில் இருக்க வேண்டும். அனுப்புபவர் 12 என்று வைத்து, வாங்குகிறவர் 2-லேயே இருந்தால் ஜாரு பஞ்சமத்துக்குப் போகவே போகாது. அது மட்டுமல்ல, வளைவு அந்தச் சேனல் முழுவதையும் வளைக்கும். கூடவே ஒரு சட்ஜமத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் அதுவும் சேர்ந்து ஆடும். வில்லின் அழுத்தம், தந்தியில் வில் உரசும் சத்தம், விரல் ஊரும் வேகம் எல்லாவற்றையும் தனித்தனிக் குறிப்புகளாக எழுதி முடிக்க முடியாது.

நாதமும் கையில் இல்லை. மிடி கோப்புகள் எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்க 1991-ல் வகுத்த பொதுப் பட்டியலில் 128 வாத்தியங்கள் உண்டு. 105-ல் சிதார், 111-ல் ஃபிடில், 112-ல் ஷெனாய். வீணையும் இல்லை, நாகஸ்வரமும் இல்லை. தாள வாத்தியங்களுக்கான தனிப் பட்டியலில் மிருதங்கமும் இல்லை. மாணவியின் தோழி ஒருத்தி வீணை நாதத்தில் அமைத்து மிடி கோப்பாக அனுப்பினாள். திறந்தவரின் கணினியில் அது சிதாராக ஒலித்தது. கோப்பில் பிழை இல்லை, அதில் வீணை எப்போதுமே இருந்ததில்லை.

மிடி நன்றாக உதவுகிற இடம் தாளம். நேரத்தை அது "டிக்" என்ற சிறு கூறுகளாகப் பிரிக்கிறது. பல மென்பொருள்களில் ஓர் எண்ணிக்கைக்கு 480 டிக். சதுஸ்ர நடைக்கு நாலால் வகுத்தால் 120, திஸ்ரத்துக்கு 160, கண்டத்துக்கு 96. சுத்தமாகப் பிரிகிறது. மிஸ்ரத்துக்கு ஏழால் வகுத்தால் 68.57, சங்கீர்ணத்துக்கு ஒன்பதால் வகுத்தால் 53.33. முழு எண் வராததால் பக்கத்து டிக்குக்குத் தள்ள வேண்டும். நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை என்ற வேகத்தில் ஒரு டிக் ஒன்றரை மில்லிநொடிதான், பிழை அதில் பாதிக்கு மேல் போகாது. காதுக்குத் தெரியாது. ஆனால் மென்பொருளின் "Quantize" பொத்தானை அழுத்தினால், அது தன் பட்டியலில் உள்ள பிரிவுகளுக்கு மட்டுமே இழுக்கும். ஏழாகப் பிரிக்கும் வழி அந்தப் பட்டியலில் இல்லையென்றால் மிஸ்ர நடைக் கோர்வை சதுஸ்ரத்தின் மூலைகளுக்குப் போய் ஒட்டிக்கொண்டு சிதறிவிடும். தம்பியின் கோர்வையை அப்படி ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, உடனே பழையபடி மாற்றிவிட்டோம்.

கடைசியில் அவள் இணைத்தது மூன்று கோப்புகள். கச்சேரி 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்டில் பதிந்த மூலம். அதே ரேட்டில், உச்சத்தைச் சரிசெய்து 16 பிட்டுக்கு இறக்கிய பிரதி ஒன்று, கேட்பவர்களுக்கு. மூன்றாவதாகத் தம்பியின் கோர்வைக் கணக்கு மட்டும் மிடியில், நடையை நிதானமாக ஓட்டிப் பார்ப்பதற்கு. வேகத்தைப் பாதியாக்கினாலும் அதில் சுருதி இறங்காது. 96-ல் பதிந்த 20 நொடித் துண்டையும், 20-ல் 11, 9 என்ற முடிவையும் கட்டுரையின் நடுவிலேயே வைத்தாள். படிக்கட்டுப் படம் இருந்த இடத்தில், வெட்டுப்பட்ட அந்த "தொம்"மின் தட்டையான முகடு இப்போது இருக்கிறது.